இடப்பக்கம் தொலைந்த வழி

எதிர்முனையில் நின்றவன் சங்கிலியைத் தளரவிடுகிறான் என்று நான் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். சுரங்கக் கம்பெனியின் சர்வே ஆபீஸ் முற்றம். காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. சுரங்கத்துக்குள் இறங்குவதற்கு முன்னால் அளவுச் சங்கிலியைத் தரையில் விரித்து, இரண்டு பித்தளை ஆணிகளுக்கு நடுவில் வைத்துச் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். ஒரு முனையை நான் இடக்கையால் பிடிப்பேன், மறுமுனையை இளைய ஆள் ஒருவன் பிடிப்பான்.

"இழுடா! இன்னாடா இது, செத்த பாம்பு மாதிரி தொங்குது!" என்றேன்.

"அண்ணே, நீங்கதான் உட்டுட்டீங்க. கையப் பாருங்க."

பார்த்தேன். வலது கையில் குறி அடிக்கும் ஆணி இருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவன் பொய் சொல்கிறான் என்று இன்னும் இரண்டு வார்த்தை கூடுதலாகத் திட்டினேன். அப்புறம் தரை மெல்ல எழும்பி வந்து என் கன்னத்தில் பட்டது.

எனக்கு அப்போது நாற்பது வயதைத் தாண்டியிருந்தது. வடாற்காட்டிலிருந்து இந்தத் தங்கவயலுக்கு வந்தபோது இங்கே புதரும் பாறையும்தான். மிஷன் பள்ளியில் நாலெழுத்து படித்திருந்ததால் மண்வெட்டிக்குத் தப்பிச் சங்கிலிக்கு வந்தேன். சர்வே துரை கருவியில் கண் வைத்துப் பார்ப்பார், நான் இருட்டுக்குள் மெழுகுவத்தியோடு போய்ச் சங்கிலி நீட்டுவேன். ஷாஃப்ட் என்ற நேர்க்குத்துக் குழியில் கேஜ் என்ற இரும்புக் கூண்டு எங்களை இறக்கிவிடும். அதிலிருந்து கிடையாகப் போகிற வழிகளுக்கு லெவல் என்று பெயர். எங்கள் சுரங்கத்தில் அந்த வழிகளை என்னைப்போல் அடிக்கடி அளந்து நடந்தவன் கிடையாது. படம் பார்க்காமலேயே எந்த வளைவு எங்கே என்று சொல்லுவேன். ஒரு கயிற்றை நீட்டினால் அதன் நடு எது என்று கண்ணாலேயே விரல் வைப்பேன். அதில் எனக்குப் பெருமை உண்டு.

இதையெல்லாம் சொல்வது, பின்னால் நடந்தது எப்படிப்பட்ட ஆளுக்கு நடந்தது என்று தெரிவதற்காக.

கம்பெனி ஆஸ்பத்திரியில் எனக்குப் பாரிசவாயு என்றார்கள். மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக் குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ உடம்பின் இடப்பக்கம் விழும் என்று டாக்டர் துரை டிரெசரிடம் சொல்ல, டிரெசர் என் மனைவியிடம் சொன்னார். டிரெசர் என்பவர் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற, மருந்து கலக்குகிற வேலூர்க்காரர். வாய் ஓயாமல் பேசுவார், கை அதைவிட வேகமாக வேலை செய்யும்.

எனக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை என்று சொன்னால் சரியாகாது. எல்லாம் விளங்கியது. நான் நன்றாக இருக்கிறேன் என்றுதான் விளங்கியது. பேச்சு தெளிவாக வந்தது. கணக்குக் கேட்டால் சொன்னேன். எதற்காக என்னைப் படுக்க வைத்திருக்கிறார்கள் என்பது ஒன்றுதான் புரியவில்லை.

"இடது கையத் தூக்குங்க பார்க்கலாம்" என்பார் டிரெசர்.

"தூக்கிட்டேன்."

"எங்க தூக்கினீங்க?"

"இப்பதான் தூக்கிக் கீழ வச்சேன். நீங்க பார்க்கல."

பொய் சொல்லவில்லை. தூக்கினேன் என்றே நம்பினேன். ஒருநாள் அவர் என் இடது கையை எடுத்து, வலப்பக்கமாகக் கொண்டுவந்து, என் மார்பின் மேல் வைத்தார். கனமாக, குளிர்ந்து, யாரோ ஒருவனுடைய கை.

"இது யார் கை?"

"தெரியல. பக்கத்துக் கட்டில்காரன் வச்சுட்டுப் போயிருக்கான். எடுத்துக்கினு போகச் சொல்லுங்க."

"விரல்ல மோதிரம் கீதே?"

மோதிரத்தைப் பார்த்தேன். கல்யாணத்தில் மாமனார் போட்டது. "மோதிரம் என்னுது. கை என்னுது இல்ல. என் மோதிரத்தை எவனோ போட்டுக்கினு கீறான்."

அந்த வார்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டிரெசர் மட்டும் சிரிக்கவில்லை. என் மனைவியைத் திரும்பிப் பார்த்தார் என்று பிறகு அவள் சொன்னாள். எனக்கு அவள் அங்கே இருந்ததே தெரியாது.

அதுதான் அவளுக்கு மிகவும் வலித்தது. என் கட்டிலுக்கு இடப்பக்கம் ஒரு பெஞ்சு கிடந்தது. காலையில் வருவாள், அதில் உட்காருவாள், வீட்டுக் கதை சொல்லுவாள். நான் முகத்தை வலப்பக்கம் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். நான் விழுவதற்கு முந்திய வாரம் எங்களுக்குள் ஒரு சண்டை. நந்திதுர்க்கில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்கு நான் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை, சாகக் கிடக்கும்போதும் முகம் கொடுக்கமாட்டேன் என்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நானோ டிரெசரைக் கூப்பிட்டு, "என் வீட்டுக்காரி ஒருநாளாவது வந்தாளா? கல்லு மனசுக்காரி" என்றேன்.

"ஐயோ, இங்கதானே குந்திகினு கீறேன்!" என்று அவள் கத்தினாள்.

குரல் கேட்டது. தெளிவாக, வலப்பக்கத்துச் சுவரிலிருந்து கேட்டது. நான் இன்னும் வலப்பக்கமாகத் திரும்பி, அந்தச் சுவரில் அவளைத் தேடினேன்.

"அங்க இல்லீங்க. இங்க. இந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். உண்மையிலேயே அதுதான் என் கேள்வி. அவள் எழுந்து கட்டிலைச் சுற்றி வந்தாள். கால்மாட்டைத் தாண்டியதும், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து முழுசாக வந்து நின்றாள். கண்ணெல்லாம் நீர்.

"இப்பதான் வந்தியா?" என்றேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து என் மனைவி என்னைக் கவனிக்கத் தொடங்கினாள். தட்டில் சோறும் கீரையும் போட்டுக் கொடுத்தால் நான் வலது பாதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "காணாது, இன்னும் போடு" என்பேன். அவள் தட்டை அரைச் சுற்றுச் சுற்றுவாள். "இப்ப போதும்" என்பேன். நான் முகம் மழித்தால் வலது கன்னம் மட்டும் பளபளக்கும். இதையெல்லாம் அவள் டிரெசரிடம் சொன்னாள், டிரெசர் டாக்டர் துரையிடம் சொன்னார். மூன்று பேரும் ஒரு காலையில் என் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

டாக்டர் என் கண்ணுக்கு நேரே நின்று, தன் மூக்கைப் பார்க்கச் சொன்னார். தன் வலது கையில், தான் புகை பிடிக்கும் சுங்கானைத் தூக்கிக் காட்டினார். அது எனக்கு இடப்பக்கம். "சுங்கான்" என்றேன். இடது கையில் கடிகாரத்தைக் காட்டினார். "கடிகாரம்" என்றேன். பிறகு இரண்டையும் ஒரே சமயத்தில் தூக்கினார்.

"கடிகாரம்."

"வேறே?" என்றார் துரை, தன் உடைந்த தமிழில்.

"வேற ஒண்ணும் இல்ல, துரை. கடிகாரம்தான்."

கடிகாரத்தை மட்டும் கீழே இறக்கினார். சுங்கான் ஆகாயத்தில் முளைத்தது. மறுபடி கடிகாரத்தைத் தூக்கினார். சுங்கான் அணைந்துபோயிற்று. அவர் அதைத் திரும்பத் திரும்பச் செய்தார், வித்தைக்காரனைப் போல. பிறகு டிரெசரிடம் இங்கிலீஷில் ஏதோ நெடுநேரம் சொன்னார்.

டிரெசர் எங்களுக்குச் சொன்னது இது: "கண்ணு கெடல. தனியா காட்டுனா தெரியுது. வலப்பக்கம் ஏதாவது வந்துச்சுன்னா மனசு அங்க ஓடிப்போயிருது, இடப்பக்கத்த உட்டுடுது. பாக்குறதுக்குக் கண்ணு மட்டும் போதாது, மனசும் திரும்பணும்னு துரை சொல்றார்."

நான் நம்பவில்லை. எனக்கு எல்லாம் தெரிகிறது, எது தெரியவில்லை என்று சொல்லுங்கள் என்றேன். அதைத்தான் என்னால் சொல்ல முடியாதே. உங்கள் முதுகுக்குப் பின்னால் இப்போது என்ன தெரிகிறது? இருட்டாகத் தெரிகிறதா? இல்லை. ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை என்கிற குறையும் இல்லை. என் இடப்பக்கம் அப்படித்தான் இருந்தது. அங்கே சுவர் இல்லை, திரை இல்லை, ஓட்டை இல்லை. உலகம் வலப்பக்கத்தோடு முடிந்து, முழுசாக இருந்தது.

என்னை நம்ப வைத்தது ஒரு கட்டு நாடா. டிரெசர் புண்ணுக்குக் கட்டும் நாடாவில் ஒரு துண்டை வெட்டி, என் முன்னால் மேசையின் மேல் குறுக்காக நீட்டி வைத்தார்.

"நீங்க செயின்காரராச்சே. இதுக்கு நடு எது, விரல் வைங்க."

இதை என்னிடம் கேட்கிறாரே என்று சிரித்தேன். வைத்தேன்.

"நல்லா பாத்துட்டீங்களா?"

"இதுக்கு இன்னொரு வாட்டி பாக்கணுமா?"

நான் விரல் வைத்த இடத்தில் மசியால் ஒரு புள்ளி குத்தினார். நாடாவை எடுத்து அந்தப் புள்ளியில் மடித்து, என் வலப்பக்கமாகக் கொண்டுவந்து தூக்கிப் பிடித்தார். ஒரு பாதி உள்ளங்கையளவு தொங்கியது. மறுபாதி முழங்கை நீளம் தொங்கியது.

நான் அதைப் பிடுங்கி நானே பல்லால் கடித்து மடித்துப் பார்த்தேன். அதே அளவுதான். எத்தனையோ வருஷம் சங்கிலி பிடித்தவனுக்கு ஒரு பாடம் நன்றாகத் தெரியும். கண்ணும் சங்கிலியும் வேறு வேறு சொன்னால் சங்கிலி சொல்வதுதான் சரி. இருட்டில், வளைவில், சரிவில் கண் ஏமாற்றும். அதற்காகத்தான் அளக்கிறோம்.

"சரி. எனக்கு இடப்பக்கம் ஏதோ காணாம போயிருக்கு. இன்னா செய்யணும் சொல்லுங்க" என்றேன்.

அதற்கு மேல் எனக்குப் பயம் இருக்கவில்லை. எங்கே பிழை என்று தெரிந்தால் திருத்திக்கொண்டு போய்விடலாம் என்கிற துணிச்சல் எனக்கு எப்போதும் உண்டு. உள்ளுக்குள் எதுவும் குறைந்ததாகத் தோன்றவே இல்லை. ஆனால் தோன்றுவதை நம்ப வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டேன்.

மருந்து ஒன்றும் இல்லை என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். அதனால் நாங்களே வழி கண்டோம். டிரெசர் ஒரு சிலேட்டில் வார்த்தைகள் எழுதிக் காட்டுவார். "தேங்காய்" என்று எழுதினால் நான் "காய்" என்று படிப்பேன். "பெட்டி" என்று எழுதினால் "பட்டி" என்பேன். நம் எழுத்தில் கொம்பு இடப்பக்கம் அல்லவா நிற்கிறது, அது என் கண்ணுக்குத் தப்பிவிடும். என் மனைவிக்குப் படிப்பு வராது. ஆனால் அவள்தான் சிலேட்டின் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினாள். "இந்த நூலு கண்ணுல படுற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க" என்றாள். தலையைத் திருப்புவேன், இன்னும் திருப்புவேன். முடிந்துவிட்டது, இதற்கு அப்பால் எதுவும் இல்லை என்று மனம் சொல்லும். அதையும் தாண்டித் திருப்பினால் சிவப்பாக நூல் வரும். அதிலிருந்து வலப்பக்கமாகப் படித்தால் கொம்பும் வந்தது, தேங்காயும் வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு கட்டிலைத் திருப்பிப் போட்டாள், வாசல் எனக்கு இடப்பக்கம் வரும்படி. வருகிறவர்களை எல்லாம் அந்தப் பக்கம் நின்றே பேசச் சொன்னாள். பூதிகோட்டையிலிருந்து கத்தரிக்காய் விற்க வரும் பெண்கூட, "இந்தப் பக்கம் பாரு, அண்ணா, இந்தப் பக்கம்" என்று கூவப் பழகிவிட்டாள். கால் ஓரளவு திரும்பிற்று. கை திரும்பவில்லை, ஆனால் அது என் கைதான் என்று மெல்ல ஏற்றுக்கொண்டேன்.

கம்பு ஊன்றித் தனியாக வெளியே போன முதல் நாள், நான் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குக் கிளம்பினேன். எங்கள் லைன் வீடுகளின் முனையில் இடப்பக்கம் திரும்பினால் கோயில். நான் வலப்பக்கம் திரும்பினேன். அடுத்த முனையிலும் வலப்பக்கம். அதற்கடுத்ததிலும். பிரசங்கம் முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது நான் எங்கள் வீட்டு வாசலையே மறுபடி வந்து சேர்ந்திருந்தேன்.

"கோயில எங்கயோ தூக்கிக்கினு போயிட்டாங்க" என்றேன் மனைவியிடம்.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கோபித்துக்கொள்ளாமல் சிரித்த முதல் நாள் அது. அடுத்த ஞாயிறு அவள் என் இடத்தோளைத் தொட்டுக்கொண்டே நடந்தாள். தொடுகை இருந்தால் அந்தப் பக்கம் உயிர்த்துக்கொள்ளும்.

மழைக்காலம் முடியும்போது தட்டு காலியாயிற்று, இரண்டு கன்னமும் மழித்தேன், வரிகளை முழுசாகப் படித்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். அந்தச் சமயத்தில்தான் கேப்டன் வீட்டுக்கு வந்தார்.

கேப்டன் என்றால் கப்பல்காரர் இல்லை, சுரங்கத்தின் உள்வேலை முழுதும் பார்க்கிற துரை. தடித்த மனுஷன். மேலே இருக்கும் பழைய லெவல் ஒன்றை மறுபடி திறக்கப் போகிறார்களாம். அதில் விட்டுப்போன தங்கக்கல்லை எடுக்க, பக்கச் சுவரை வெடிமருந்து வைத்து உடைக்க வேண்டும். அந்த வழியில் எங்கேயோ முன்காலத்து ஜனங்கள் வெட்டிய குழி ஒன்று உண்டு. மேலிருந்து நெருப்பு மூட்டிப் பாறையை வெடிக்க வைத்து, கையால் தோண்டிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள், யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தக் குழிகளில் மழைத்தண்ணீர் தலைமுறை தலைமுறையாக நிறைந்து நிற்கும். தெரியாமல் அதன் பக்கத்தில் வேட்டு வைத்தால் கீழே இருப்பவர்கள் கதி அதோகதிதான். அந்த லெவலின் படத்தைக் கரையான் தின்றுவிட்டது. அளந்த துரை சீமைக்குப் போய்விட்டார். அவரோடு சங்கிலி பிடித்தவன் நான்.

"செயின்மேன், உனக்குத் தெரியும். தண்ணி குழி எங்கே?" என்றார் கேப்டன், எங்கள் வீட்டு முக்காலியில் அடங்காமல் உட்கார்ந்துகொண்டு.

கண்ணை மூடினேன். ஷாஃப்டிலிருந்து இறங்கி, வடக்கே முகம் வைத்து நின்றேன், மனதுக்குள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் வழி அப்படியே வந்தது. "கொஞ்ச தூரம் போனா மருந்துப் பெட்டி வைக்கிற மாடம். அப்புறம் வழி வளையும், அங்க வெள்ளைக்கல்லு ஆட்டுப் பல்லு மாதிரி நீட்டிக்கினு இருக்கும். அதத் தாண்டி ஏணிக்குழி, கீழ் லெவலுக்குப் போறது. அப்புறம் கடைசி, மொட்டைப் பாறை."

கேப்டன் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். "தண்ணி குழி?"

"அந்த வழியில இல்ல, துரை. எனக்கு நல்லா தெரியும். வேற லெவல்ல இருக்கும்."

எவ்வளவு திடமாகச் சொன்னேன்! சந்தேகம் ஒரு துளியும் இல்லை. கண்ணுக்கு முன்னால் வழி முழுசாகக் கிடக்கிறது, அதில் குழி இல்லை. கேப்டன் திருப்தியாக எழுந்தார். தொப்பியைத் தேடிக்கொண்டே, "நல்லது. உன் துரை அங்கே தண்ணி சத்தம் கேட்டது என்று எழுதினார். தப்பாக இருக்கும்" என்றார்.

தண்ணீர்ச் சத்தம்.

அது எனக்கும் ஞாபகம் இருந்தது. அன்றைக்கு, எதையோ அடைத்து அடித்திருந்த பலகையில் காதை வைத்துக் கேட்டேன். பலகை ஈரமாக, ஊறிப்போன மர வாசனை அடித்தது. உள்ளே டொக், டொக் என்று ஆழத்தில் சொட்டும் ஓசை. துரை என்னைத் தள்ளிவிட்டுத் தானும் காது வைத்தார். அந்த லெவலில்தான், வேறு எங்கும் இல்லை. ஆனால் இப்போது என் மனதில் கிடந்த வழியில் பலகை எங்கேயும் இல்லை. சத்தம் இருக்கிறது, வாசனை இருக்கிறது, இடம் இல்லை.

"துரை, போகாதீங்க!" என்றேன்.

என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து எழுந்து வந்தாள். "இன்னாங்க, இன்னா ஆச்சு?"

"ஒரு பக்கம்தான் சொல்லியிருக்கேன்."

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கேப்டனுக்குப் புரியவில்லை. "அவரு சொன்னது எல்லாம் வலப்பக்கம், துரை" என்று அவள் அவருக்குச் சொன்னாள். "மாடம், வெள்ளைக்கல்லு, ஏணி, எல்லாம் எந்தப் பக்கம்னு கேளுங்க."

யோசித்தேன். எல்லாம் வலப்பக்கம். ஒன்றுவிடாமல். சரி, இடப்பக்கம் பார் என்று என்னையே அதட்டினேன். சிலேட்டில் செய்வதுபோல் மனதுக்குள் தலையைத் திருப்பிப் பார்த்தேன். பாறைகூட வரவில்லை. கண் எதிரே இருக்கும் பொருளில் மட்டும்தான் இந்த நோய் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். நினைவிலும் இருந்தது. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால், நல்ல உடம்போடு, இரண்டு கண்ணாலும் பார்த்துச் சேர்த்து வைத்த வழியிலும் இடப்பக்கம் அணைந்து கிடந்தது.

அப்போது எனக்குத் தொழில் கைகொடுத்தது. ஒரு வழியை அளந்தால் அதோடு விடமாட்டோம். கடைசியில் போய் நின்று, திரும்பி, ஷாஃப்டை நோக்கி மறுபடி அளந்துகொண்டு வருவோம். இரண்டும் ஒத்துப்போனால்தான் கணக்கு. போகும்போது இடப்பக்கமாக இருப்பது வரும்போது எந்தப் பக்கம்?

"துரை, குந்துங்க. நான் கடைசிப் பாறையில முதுகு வச்சு நின்னுகினு, திரும்பி வர்றேன். நான் சொல்றத எழுதுங்க."

கண்ணை மூடினேன். மொட்டைப் பாறையில் முதுகு. முகம் தெற்கே, ஷாஃப்டைப் பார்த்து. நடந்தேன்.

"கிளை வழி ஒண்ணு வெட்ட ஆரம்பிச்சு, பாதியில உட்டுட்டாங்க. ஆள் குனிஞ்சு நிக்கலாம், அவ்வளவுதான். அங்கருந்து ஒன்றரைச் சங்கிலி..." அடுத்தது கண்ணெதிரே நின்றது. அவ்வளவு தெளிவாக வந்தது. "பலகை, துரை. மூணு பலகை, குறுக்க ஒரு கட்டை அடிச்சிருக்கு. கீழ்ப் பலகை ஓரமா தண்ணி கசியுது. நான் களிமண்ணுல மெழுகுவத்தி ஒட்ட வச்ச கறை பக்கத்துல கீது. அதான் குழி. அப்புறம் யாரோ பாறையில சிலுவை கீறி வச்சிருக்காங்க. அப்புறம் ஷாஃப்ட்."

கேப்டன் எழுதிய காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏணிக்குழி எங்கே? அதைத் தாண்டித்தானே நீ வர வேண்டும்?"

"ஏணிக்குழியா? இந்த வழியில ஏணிக்குழி இல்லியே" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. கொஞ்சம் முன்னால் என் வாயால் சொன்னது. வார்த்தை ஞாபகம் இருந்தது, இடம் போய்விட்டது. இரண்டு வழிகள் என் தலைக்குள் இருந்தன, ஒவ்வொன்றும் முழுசு, ஒன்றுக்கு மற்றதைத் தெரியாது. அவற்றைச் சேர்த்துவைக்க என்னால் முடியவில்லை. கேப்டன்தான் சேர்த்தார். காகிதத்தின் நடுவில் நீளமாக ஒரு கோடு இழுத்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை சங்கிலி தூரம் என்று என்னிடம் கேட்டுக் கேட்டு, முதலில் சொன்னதை ஒரு பக்கமும் பிறகு சொன்னதை மறுபக்கமும் வைத்தார். வளைவுக்கும் ஏணிக்குழிக்கும் நடுவில், மேற்குச் சுவரில், குழி வந்து உட்கார்ந்தது.

"அங்கேதான் நாங்கள் நாளைக்கு வேட்டு வைக்க இருந்தோம்" என்றார் மெல்ல.

என் மனைவி அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

வேட்டு வைக்கவில்லை. ஆட்களை எல்லாம் வெளியேற்றிவிட்டு, மெல்லிய துளை ஒன்றை நீளமாகப் போட்டார்கள். கம்பி உள்ளே போய்க்கொண்டே இருந்து, திடீரென்று பிடி இல்லாமல் நழுவிற்றாம். இழுத்தவுடன் தண்ணீர் ஆள் நீளத்துக்குப் பீறிட்டதாம். அந்தத் துளைக்கு மரக்கட்டையைச் செதுக்கி அடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, பல நாள் எடுத்து வடித்தார்கள். யாருக்கும் முழங்காலுக்கு மேல் நனையவில்லை. இதை எனக்கு வந்து சொன்னவன், முற்றத்தில் என்னிடம் திட்டு வாங்கிய அதே இளைய ஆள். துளை போட்ட கூட்டத்தில் அவனும் இருந்தான்.

"அண்ணே, தண்ணி ஐஸ் மாதிரி. வெளிச்சமே படாத தண்ணி" என்றான்.

எனக்குச் சுரங்கத்துக்குள் இனி வேலை இல்லை என்பது எனக்கே தெரிந்தது. மெழுகுவத்தி கொடுக்கும் அறையில் கம்பெனி எனக்கு இடம் கொடுத்தது. ஆட்கள் வரிசை என் வலப்பக்கமாக வரும்படி மேசையைப் போட வேண்டும் என்று கேட்டேன், போட்டுக்கொடுத்தார்கள். அந்த வேலையை வெட்கமில்லாமல், நன்றாகவே செய்தேன். இப்போதும் களைத்துப்போன நாளில், அல்லது இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசும்போது, இடப்பக்கத்து ஆள் கரைந்துபோவதுண்டு. அப்போது நான் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே யாரும் இல்லை என்று எனக்கு எவ்வளவு நிச்சயமாகத் தோன்றுகிறதோ, அவ்வளவு கவனமாகத் திருப்புகிறேன்.

அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, டிரெசர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். ஸ்கெலட்டன் என்கிற பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வண்டிக்காரரைக் கொண்டுவந்திருந்தார்கள். என்னைவிட மூத்தவர், பெரிய மீசை. இடப்பக்கம் விழுந்திருந்தது. அவருடைய மகள் கஞ்சிக் கிண்ணத்தோடு அழுதுகொண்டு நின்றாள். அப்பா தன் முகத்தைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாராம்.

"கோவம் இல்லம்மா. நீ நிக்கிற இடம் அவருக்கு இல்ல. இப்படிச் சுத்தி வா" என்றேன். அவள் வந்தாள். "எப்ப வந்த, கண்ணு?" என்று அவர் கேட்டதும் அவள் இன்னும் பலமாக அழுதாள்.

வண்டிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரு?"

"உங்களுக்கு வந்ததுதான் எனக்கும் வந்துச்சு, பெரியவரே."

"எனக்கு இன்னா வந்துச்சு? ஒண்ணும் வரல. மாட்டைப் பூட்டச் சொல்லு, நான் போவணும்."

நான் மறுத்துப் பேசவில்லை. அவர் பொய் சொல்லவில்லை என்று அந்த வார்டில் எனக்கு ஒருவனுக்குத்தான் உள்ளிருந்து தெரியும். ஒரு முக்காலியை இழுத்து அவருக்கு வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தேன். மாடுகளைப் பற்றிக் கேட்டேன். எந்தச் சந்தையில் பிடித்தார், எது இழுக்கும், எது படுக்கும் என்று நெடுநேரம் பேசினார். பேச்சு சூடு பிடித்த பிறகு, நான் பதில் சொல்லிக்கொண்டே முக்காலியை ஒரு சாண் கால்மாட்டுப் பக்கம், அவருடைய இடப்புறத்தை நோக்கி, நகர்த்தினேன். அவருடைய கண் என் கூடவே ஒரு சாண் வந்தது. அன்றைக்கு அது போதும் என்று எழுந்து, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.